ஐவி போயிட்டு வந்தா நன்றி லெட்டர் யாருக்கு எழுதணும்? ஒரு ஃபவுண்டரி விசிட் அனுபவம்

காலேஜ்ல இருந்து பசங்கள கம்பெனிக்கு கூட்டிட்டு போற ஐவி முடிஞ்சதும் ஒரு நன்றி லெட்டர் போகும் பாருங்க, அத பத்தி தான் எழுதப் போறேன். "எங்கள் மாணவர்கள் தங்கள் நிறுவனத்தைப் பார்வையிட அனுமதி அளித்தமைக்கு மனமார்ந்த நன்றி"ன்னு லெட்டர்ஹெட்ல ரெண்டு வரி, கீழ எச்ஓடி கையெழுத்து, சீல். அது நேரா எச்ஆர் ஃபைலுக்கு போயிடும். நான் இப்ப கோயம்புத்தூர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் பாடம் எடுக்கிறேன், அதுக்கு முன்னாடி கொஞ்ச வருஷம் இரும்ப உருக்கி அச்சுல வார்க்கற ஒரு ஃபவுண்டரில குவாலிட்டி செக்‌ஷன்ல இருந்தேன். அங்க வர்ற காலேஜ் பசங்கள சுத்திக் காட்டற வேலை பெரும்பாலும் எங்க தலையில தான் விழும். அந்த லெட்டர் ஒண்ணு கூட எங்க கண்ணுல பட்டதில்ல. ஷாப் ஃப்ளோர்ல வேலை செய்ற ஆளுக்கு கம்பெனி மெயில் ஐடியே கிடையாது, ப்ரொடக்‌ஷன் என்ட்ரி போட ஒரு கம்ப்யூட்டர் இருக்கும், அதுவும் எல்லாருக்கும் பொதுவான லாகின். எச்ஆர் பிரிண்ட் எடுத்து கொண்டு வந்து குடுத்தா தான் உண்டு, எடுக்க மாட்டாங்க, ஏன்னா அதுல யார் பேரும் இல்ல, யாருகிட்ட குடுக்கறது.

அதனால இந்த தடவை மூணாம் வருஷ பசங்கள பம்ப் காஸ்டிங் பண்ற ஒரு ஃபவுண்டரிக்கு கூட்டிட்டு போனப்ப, நன்றி லெட்டர பசங்களே எழுதணும், அது சுத்திக் காட்டுன ஆள் கையில போய் சேரணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்.

அன்னைக்கு எங்களுக்கு யார் யார் என்ன காட்டினாங்கன்னு சொன்னா தான் மத்தது புரியும். சாண்ட் லேப்ல ஒரு மேடம் இருந்தாங்க. பச்சை மணல்ல, அதாவது ஈர மணல்ல, மோல்டு போடற இடத்துல மணல் சரியா இருக்கான்னு பாக்கற டெஸ்ட் எல்லாம் அவங்க பொறுப்பு. சிலிக்கா மணல், பென்டோனைட் களிமண், நிலக்கரி தூள், தண்ணி, இவ்வளவு தான் அந்த கலவை, தண்ணி நூத்துக்கு மூணு நாலு பங்கு தான் இருக்கும், அதுலயே எல்லா வில்லங்கமும் இருக்கு. மேடம் ஒரு கைப்பிடி மணல எடுத்து அமுக்கி அப்படியே ரெண்டா உடைச்சு காட்டுனாங்க, உடைஞ்ச ஓரம் உதிராம சுத்தமா நின்னா மணல் நல்லா இருக்குன்னு அர்த்தம், விரல் ரேகை அப்படியே பதிஞ்சு இருந்துச்சு. அப்புறம் மூணு தடவை வெயிட்ட போட்டு இடிச்சு சின்ன சிலிண்டர் மாதிரி சாம்பிள் செய்ற மெஷின பசங்க கையாலயே ஓட்ட விட்டாங்க. 50 மில்லிமீட்டர் விட்டம், 50 மில்லிமீட்டர் உயரம், கரெக்டா வரலைன்னா திரும்ப போடணும், ரெண்டு பேர் திரும்ப போட்டாங்க.

மெல்டிங்ல சூப்பர்வைசர் அண்ணன். ஃபர்னஸ்ல இருந்து ஒரு சின்ன கரண்டில இரும்பு எடுத்து ஆப்பு வடிவ மோல்டுல ஊத்துனாரு, கொஞ்சம் ஆறினதும் தண்ணில போட்டு சுத்தியலால ஒரே அடி. உடைஞ்ச முகத்த பசங்ககிட்ட நீட்டினாரு. ஆப்போட கூர்மையான முனை வெள்ளையா பளபளன்னு இருக்கு, தடிமனான பக்கம் சாம்பல் கலரு. முனை சீக்கிரம் ஆறிடுது, அதனால கார்பன் கிராஃபைட்டா பிரிய நேரம் இல்லாம கார்பைடா நின்னுடுது, அது தான் வெள்ளை. அந்த வெள்ளை எத்தனை மில்லிமீட்டர் உள்ள வருதுன்னு ஸ்கேல் வச்சு பாத்தாரு, 8. அப்புறம் உருகுன இரும்பு ஏந்தற 500 கிலோ லேடில்ல, இரும்பும் சிலிகானும் கலந்த ஃபெரோசிலிகான் ஒன்றரை கிலோ போட்டு அதுல இருந்து இன்னொரு ஆப்பு ஊத்தி உடைச்சாரு, 3 தான் இருந்துச்சு. ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வச்சுட்டு, "முதல்ல இருந்த இரும்ப அப்படியே ஊத்திருந்தா பம்ப் பாடியோட மெல்லிசான ஓரமெல்லாம் இப்படி வெள்ளையா போயிருக்கும் தம்பி, மெஷின் ஷாப்காரங்க டூல் உடைஞ்சு போச்சுன்னு நம்மள வந்து திட்டுவாங்க"ன்னாரு. நான் போர்டுல இரும்பு கார்பன் டயக்ராம் வரைஞ்சு ஒரு மணி நேரம் சொல்றத அவரு ரெண்டு சுத்தியல் அடியில முடிச்சிட்டாரு, கொஞ்சம் பொறாமையா தான் இருந்துச்சு.

அப்புறம் ஃபெட்லிங். காஸ்டிங்ல ஒட்டிட்டு இருக்கற ரன்னர், ரைசர் எல்லாம் தட்டி எடுத்து கிரைண்டிங் பிடிக்கற இடம், சத்தமும் தூசியும் அதிகம், ஐவி கும்பல் எப்பவும் வேகமா தாண்டி போற இடம். அங்க வேலை செஞ்சது பீகார், ஒடிசா பக்கத்து ஆளுங்க. ஒருத்தரு கிரைண்டர நிறுத்திட்டு பசங்கள கூப்பிட்டு ஒரு காஸ்டிங்ல ஊசி ஊசியா ஓட்டை இருக்கறத விரல் வச்சு தடவி காட்டுனாரு. பேச்சு புரியல, விரல் காட்டுனது நல்லா புரிஞ்சுது.

திரும்பி வர்ற பஸ்லயே எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு பேப்பர் குடுத்துட்டேன். மூணு விஷயம் மட்டும் எழுத சொன்னேன், யாரு காட்டினாங்க, அவங்க கையால என்ன செஞ்சு காட்டினாங்க, உனக்கு இன்னும் புரியாதது என்ன. அன்னைக்கே எழுத வைக்கறதுக்கு காரணம் இருக்கு, ரெண்டு நாள் விட்டுட்டா எல்லார் பேப்பர்லயும் "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" மட்டும் தான் மிஞ்சும். பேரு விஷயத்துல ஒண்ணு சொல்றேன், நிறைய கம்பெனில ஹெல்மெட்லயே மார்க்கர்ல பேரு எழுதி வச்சிருப்பாங்க, ஆனா அது கூப்பிடற பேரா இருக்கும், ரெக்கார்டுல வேற இருக்கும். அதனால கிளம்பறதுக்கு முன்னாடி எச்ஆர்ல நம்ம கூட வந்த பொண்ணுகிட்ட செக்‌ஷன் வாரியா பேரு, இனிஷியலோட கேட்டு எழுதிக்கிட்டேன். பேர தப்பா எழுதி நன்றி சொல்றதுக்கு சொல்லாமயே இருந்துடலாம்.

மறுநாள் ரெண்டு தனித்தனி லெட்டர் தயார் பண்ணுனோம். ஒண்ணு எச்ஆருக்கு இங்கிலீஷ்ல மெயில், இன்னொண்ணு ஷாப் ஃப்ளோர் ஆளுங்களுக்கு தமிழ்ல, ஒரு பக்கம், பெரிய எழுத்துல, பிரிண்ட் எடுத்து ஒட்டற மாதிரி. எச்ஆர் மெயில் சின்னது தான். சப்ஜெக்ட்ல காலேஜ் பேரு, வந்த தேதி, சாண்ட் லேப் மெல்டிங் ஃபெட்லிங் ஆட்களுக்கு நன்றின்னு போட்டோம், வெறும் நன்றின்னு போட்டா திறக்காமயே விட்டுடுவாங்க. உள்ள நாலு வரி, எந்த செக்‌ஷன்ல யாரு என்ன செஞ்சு காட்டுனாங்கன்னு பேரோட. கடைசியா ஒரே ஒரு வேண்டுகோள், கூட இணைச்சிருக்கற தமிழ் லெட்டர பிரிண்ட் எடுத்து டைம் ஆபீஸ் பக்கத்துல இருக்கற நோட்டீஸ் போர்டுல போட முடியுமா, இல்ல ஷிஃப்ட் ஆரம்பத்துல நடக்கற மீட்டிங்ல படிக்க முடியுமான்னு. இப்படி தெளிவா என்ன செய்யணும்னு கேட்டா எச்ஆருக்கும் சுலபம், அவங்களுக்கு அது அஞ்சு நிமிஷ வேலை. "சம்பந்தப்பட்டவர்களுக்கு தெரிவிக்கவும்"னு போட்டா அது யாருக்கும் தெரியாது.

தமிழ் லெட்டர் பசங்க எழுதுனது, பேருங்கள மட்டும் இங்க எடுத்துட்டு போடறேன்:

"சாண்ட் லேப் மேடம், மெல்டிங் சூப்பர்வைசர் அண்ணன், ஃபெட்லிங் செக்‌ஷன் அண்ணன்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நேத்து உங்க ஃபவுண்டரிக்கு வந்த மூணாம் வருஷ மெக்கானிக்கல் பசங்க நாங்க. மேடம், நீங்க மணல கையில அமுக்கி உடைச்சு காட்டுனதுக்கு அப்புறம் தான் லேப் ரிப்போர்ட்ல வர்ற நம்பர் எல்லாம் என்னன்னு எங்களுக்கு பிடிபட்டுச்சு. எங்கள இடிக்க விட்டீங்க, சாம்பிள் சரியா வராதப்ப திட்டாம இன்னொரு தடவை எடை போட்டு குடுத்தீங்க, அதுக்கு தனியா நன்றி.

மெல்டிங் அண்ணா, நீங்க உடைச்சு காட்டுன ரெண்டு ஆப்பையும் எங்களால மறக்க முடியாது. 8 மில்லிமீட்டர் வெள்ளை 3 ஆனத கண்ணால பாத்தோம். எங்க புத்தகத்துல இது ஒரு பாராவா இருக்கு, பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிருந்தோம். உங்க சாப்பாட்டு நேரத்துலயும் நின்னு கேள்விக்கெல்லாம் பதில் சொன்னீங்க. எங்களுக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஃபெரோசிலிகான் போட்டதும் லேடில அவ்வளவு அவசரமா லைனுக்கு தள்ளிட்டு போனீங்களே, சூடு குறைஞ்சிடும்னு மட்டும் தானா, இல்ல வேற காரணமும் இருக்கா? நேரம் இருந்தா சொல்லுங்க.

ஃபெட்லிங் அண்ணன்களுக்கு, மெஷின நிறுத்தி எங்கள கூப்பிட்டு ஊசி ஓட்டைய காட்டுனதுக்கு நன்றி. அத தொட்டு பாக்கலைன்னா எங்களுக்கு கண்ணுக்கே தெரிஞ்சிருக்காது.

இப்படிக்கு, உங்க ஹெல்மெட்ட போட்டுட்டு நடந்த பசங்க."

கடைசி வரிய எடுத்துடலாமான்னு கேட்டாங்க, நான் தான் இருக்கட்டும்னுட்டேன்.

இது மூணாவது டிராஃப்ட். முதல் டிராஃப்ட்ல இருந்து நான் எடுக்க சொன்ன விஷயங்கள தான் முக்கியமா சொல்லணும், ஏன்னா நன்றி லெட்டர் ஒரு ஆளுக்கு உபத்திரவமாவும் முடியலாம், இத நிறைய பேர் யோசிக்கறதே இல்ல. ஒரு பையன் எழுதிருந்தான், "இந்த மாதம் மணலில் ஈரம் அதிகமாகி ரிஜெக்‌ஷன் கூடியதை மறைக்காமல் சொன்னீர்கள், நன்றி"ன்னு. அவன் மனசார பாராட்டி தான் எழுதிருக்கான். ஆனா அந்த லெட்டர முதல்ல படிக்க போறது எச்ஆர், அடுத்து ப்ளான்ட் ஹெட். ரிஜெக்‌ஷன் கணக்கு வெளிய போக கூடாத விஷயம், அத வெளி ஆளுகிட்ட யார் சொன்னதுன்னு கேள்வி வந்தா அந்த மேடம் தான் பதில் சொல்லணும். பசங்களுக்கு நல்லா புரியணும்னு ஒருத்தர் மனசு விட்டு சொன்னத எழுத்துல போட்டு அவங்க மேலதிகாரிக்கே அனுப்பறது எந்த ஊரு நியாயம். இன்னொரு பொண்ணு, "ஊத்தும்போது ரொம்ப பக்கத்துல நின்னு பாக்க விட்டீங்க"ன்னு எழுதிருந்தா. உண்மையில மஞ்சள் கோட்டுக்கு வெளிய தான் நின்னோம், அவளுக்கு அனல் அடிச்சதுல பக்கமா தெரிஞ்சிருக்கு. 1,350 டிகிரிக்கு மேல கொதிக்கற இரும்பு, அனல் அடிக்க தான் செய்யும். ஆனா சேஃப்டி ஆபீசர் அந்த வரிய படிச்சா என்ன நினைப்பாரு? அந்த வரியும் போச்சு.

பசங்களுக்கு ஒரு வழி சொன்னேன், ஒவ்வொரு வரியையும் அவங்களோட மேனேஜர் சத்தமா படிக்கற மாதிரி நினைச்சு பாருங்க, யார் முகமாவது சுருங்கும்னு தோணுனா அந்த வரி வேண்டாம். அவங்க செஞ்சு காட்டுன வேலைய எழுதலாம், பொறுமைய எழுதலாம், கேட்ட கேள்விய எழுதலாம். நம்பர் எழுதறதா இருந்தா அது டெஸ்ட்ட விளக்கறதுக்காக காட்டுன நம்பரா, இல்ல கம்பெனியோட கணக்கான்னு பாக்கணும். 8 மில்லிமீட்டர் 3 ஆச்சுங்கறது முதல் வகை, அதுவும் நல்லதா மாறுன நம்பர், அத தைரியமா போட்டோம்.

போட்டோவும் இதே கதை தான். உள்ள போன் கொண்டு போக விடல, கேட்லயே வாங்கி வச்சுட்டாங்க, கடைசில ஆபீஸ் வாசல்ல குரூப் போட்டோ மட்டும் அவங்களே எடுத்து அனுப்புனாங்க. அதுல கூட பின்னாடி டிஸ்பேட்சுக்கு வச்சிருந்த காஸ்டிங் தெரிஞ்சுது, மேல கஸ்டமர் பேரு எழுத்து எழுத்தா வார்த்துருக்கு. பாக்கறவங்க யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு நீங்க நினைக்கலாம், அதே தொழில்ல இருக்கறவன் கண்ணு நேரா அங்க தான் போகும், எந்த பம்ப் கம்பெனி இங்க காஸ்டிங் வாங்குதுன்னு தெரிஞ்சுக்குவான். ஓரத்த வெட்டிட்டு, எச்ஆர்கிட்ட கேட்டு, சரின்னு பதில் வந்தப்புறம் தான் பசங்க லிங்க்டுஇன்ல போட்டாங்க.

ஃபெட்லிங் ஆளுங்களுக்கு தமிழ் லெட்டர் எப்படி படிக்கும்னு ஒரு பொண்ணு கேட்டா, சரியான கேள்வி. கிளாஸ்ல ஒரு பையன் சின்ன வயசுல அப்பா வேலைக்காக வடக்க இருந்தவன், ஹிந்தி நல்லா பேசுவான். அவன் ஒரு நிமிஷ வாய்ஸ் நோட் ஒண்ணு பேசி குடுத்தான், அத எச்ஆர் வாட்ஸ்அப்ல அந்த செக்‌ஷன் சூப்பர்வைசருக்கு அனுப்பி, அவரு டீ டைம்ல ஸ்பீக்கர்ல போட்டு விட்டாராம். மூணு தடவை போட சொன்னாங்களாம்.

பொன்னாடை பத்தியும் ஒரு வார்த்தை. ஐவி போனா ஜிஎம்முக்கு ஒரு பொன்னாடை, ஒரு மெமென்டோன்னு காலேஜ்ல பட்ஜெட்டே இருக்கு, போட்டோ எடுத்து நியூஸ்லெட்டர்ல போடுவாங்க. அதுல எனக்கு பெரிய மரியாதை இல்ல, ஆனா நிறுத்த சொன்னா அடுத்த வருஷம் ஐவிக்கே பர்மிஷன் வராதுன்னு விட்டுட்டேன். பசங்க காசு சேத்து சூப்பர்வைசர் அண்ணனுக்கு ஏதாவது வாங்கி குடுக்கலாம்னாங்க, அது வேண்டாம்னு சொன்னேன். பல கம்பெனில வெளி ஆள்கிட்ட தனியா பரிசு வாங்கறதுக்கு தடை இருக்கு, அவரு மறுக்கவும் முடியாம வாங்கவும் முடியாம நெளிவாரு. ரொம்ப ஆசைன்னா எல்லா ஷிஃப்ட்டுக்கும் பொதுவா கேன்டீனுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ், அதுவும் எச்ஆர் வழியா.

லெட்டர்ல ஒரு கேள்வி வச்சது தான் எனக்கு ரொம்ப பிடிச்ச பாகம். வெறும் நன்றிய படிச்சுட்டு மடிச்சு வச்சுடலாம், கேள்வி இருந்தா பதில் சொல்ல தோணும். ஆனா கூகுள்ல கிடைக்கற கேள்வியா இருக்க கூடாது, அவரு செஞ்ச ஒரு காரியத்துல இருந்து எழுந்த கேள்வியா இருக்கணும், ஒண்ணே ஒண்ணா இருக்கணும். ஒரு டிராஃப்ட்ல பதினோரு கேள்வி இருந்துச்சு, அது நன்றி லெட்டர் இல்ல, கொஸ்டின் பேப்பர்.

ஒரு வாரம் கழிச்சு எச்ஆர் நம்பர்ல இருந்து வாய்ஸ் நோட் வந்துச்சு, பேசுனது மெல்டிங் அண்ணன். ஃபெரோசிலிகான் போட்டதும் இரும்புல கிராஃபைட் உருவாகறதுக்கு விதை மாதிரி ஏதோ நிறைய தோணுதாம், ஆனா நேரம் ஆக ஆக அதெல்லாம் செத்து போயிடுமாம், சூடு அப்படியே இருந்தாலும் சரி. "ஏழு எட்டு நிமிஷத்துக்குள்ள ஊத்தி முடிச்சிடணும் தம்பி. பத்து பன்னெண்டு நிமிஷம் தாண்டிருச்சுன்னா மறுபடி ஆப்பு ஊத்தி உடைச்சு பாருங்க, வெள்ளை திரும்ப ஏறி நிக்கும். அந்த லேடில்ல மெல்லிசு ஐட்டம் ஊத்த மாட்டோம், பிக் மோல்டுல ஊத்தி திரும்ப உருக்க போட்டுடுவோம்"னாரு. இதுக்கு ஃபேடிங்னு பேரு, நான் கிளாஸ்ல சொல்லிருக்கேன், ஒருத்தனுக்கும் நினைவு இல்ல. இப்ப எல்லாருக்கும் தெரியும், வாய்ஸ் நோட் கிளாஸ் குரூப்ல சுத்திட்டு இருக்கு.

இன்டர்ன்ஷிப் கேக்கணும்னு பாதி பேருக்கு மனசுக்குள்ள இருந்துச்சு. நன்றி லெட்டர்லயே கடைசி பாராவுல ஒரு வரி போட்டுடலாம் சார்னு ரெண்டு பேர் விடாம கேட்டாங்க. போட்டா என்ன ஆகும்னு நான் ஃபவுண்டரில இருந்தப்ப பாத்திருக்கேன், எச்ஆர் மேடம் அந்த வரிய மட்டும் தான் படிப்பாங்க, லெட்டர் மொத்தமும் வேலை கேட்டு வந்த மனுவா மாறிடும், நோட்டீஸ் போர்டுல அத எப்படி ஒட்டறது. பத்து நாள் தள்ளி தனி மெயில் போட சொன்னேன். எந்த செக்‌ஷன், எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும், காலேஜ் பர்மிஷன் லெட்டர், இன்சூரன்ஸ் காப்பி, சேஃப்டி ஷூ சொந்தமா இருக்கா, இவ்வளவு தான் அதுல. நாலு பேர் போட்டாங்க. ரெண்டு பேர சாண்ட் லேப்ல டிசம்பர் லீவுல வர சொல்லிருக்காங்க, சாம்பிள் சரியா வராம திரும்ப போட்டானே ஒருத்தன், அதுல அவனும் ஒருத்தன்.